விருதுப் பரிந்துரைப் படிவத்தில் 'சாதனைகள்' பகுதியை எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்த சமூக சேவகர் ஒருவரை விருதுக்குப் பரிந்துரைக்க உட்காருகிறவர்கள் பெயர், முகவரி, பிறந்த தேதியெல்லாம் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். 'சாதனைகள் (300 சொற்களுக்கு மிகாமல்)' என்ற பெட்டி வந்ததும் கை நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பல படிவங்கள் சில நூறு சொல்தான் இடம் தருவதால், 300 சொல்லையே அளவாக வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

சாதனைகள் பகுதின்னா அவரோட வாழ்க்கை வரலாறை எழுதணுமா?

வேண்டாம். எங்கே பிறந்தார், என்ன படித்தார், எப்போது ஓய்வுபெற்றார் என்பதற்கெல்லாம் படிவத்தில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அவற்றை இங்கே மறுபடி எழுதினால் 300 சொல்லில் 60, 70 வீணாகப் போய்விடும். தேர்வுக் குழுவில் இருப்பவர் அந்தக் கட்டங்களைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பெட்டிக்கு வருகிறார்.

இந்தப் பெட்டியில் அவர் தேடுவது மூன்று விஷயங்கள். இவர் வருவதற்கு முன் அங்கே என்ன நிலை இருந்தது? இவர் கையால் என்ன செய்தார்? அதனால் என்ன மாறியது, அது மாறியது என்று எப்படித் தெரியும்? எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதிலாக இருக்க வேண்டும். எதற்கும் பதிலாக இல்லாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு இங்கே இடமில்லை.

முப்பது வருஷமா எத்தனையோ செஞ்சிருக்கார். எல்லாத்தையும் 300 சொல்லுக்குள்ள எப்படி அடக்குறது?

அடக்க முடியாது, அடக்கவும் கூடாது. ரத்ததான முகாம், மரம் நடுதல், கண் பரிசோதனை, நோட்டுப் புத்தகம் வழங்குதல், வெள்ள நிவாரணம் என்று பத்து வேலைகளுக்கும் தலா 30 சொல் கொடுத்தால், பத்தும் பெயரளவில்தான் நிற்கும். அப்படி ஒரு பட்டியலை வேறு எந்தச் சமூக சேவகரின் பெயரிலும் போட்டுவிடலாம். படிக்கிறவர் மனதில் எதுவும் தங்காது.

ஒரே ஒரு முக்கியப் பணியைத் தேர்ந்தெடுத்து, மொத்த அளவில் பாதியை அதற்குக் கொடுங்கள். நான் சொல்லும் கணக்கு ஏறக்குறைய இப்படி: பிரச்சினை என்ன, இவர் யார் என்பதற்கு 50 சொல், முக்கியப் பணிக்கு 150, அதற்கு அடுத்த ஒரு பணிக்கு 60, இன்று அந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது, யார் உறுதிசெய்வார்கள் என்பதற்கு 40. மீதியெல்லாம் இணைப்பில் போகட்டும், அல்லது 'இவை தவிர' என்று தொடங்கும் ஒரே வாக்கியத்தில் அடங்கட்டும்.

அந்த முக்கியப் பணி எதுன்னு எப்படி முடிவு பண்றது? அவர்கிட்ட கேட்டா 'எல்லாமே முக்கியம்தான்'ங்கிறார்.

அவரிடம் வேறு மாதிரிக் கேளுங்கள். 'நீங்கள் ஒரு வருடம் அங்கே இல்லாமல் போயிருந்தால் எது நின்றுபோயிருக்கும்?' என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு வேலைதான் பதிலாக வரும். மரம் நடுவதை வேறு யாராவது செய்திருப்பார்கள். ஆனால் இடைநின்ற பிள்ளைகளின் வீட்டுக்கு மாதாமாதம் போய்க் கதவைத் தட்டுவதை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்றால், அதுதான் முக்கியப் பணி.

இரண்டு வேலைகள் சமமாக வந்து நின்றால், எதற்கு ஆதாரம் கையில் இருக்கிறதோ அதை எடுங்கள். பெரிதாகத் தெரிந்தும் ஒரு கடிதம்கூட இல்லாத வேலையைவிட, சிறியதாக இருந்தாலும் பதிவேடும் கடிதமும் உள்ள வேலைதான் இந்தப் பெட்டியில் நிற்கும். அப்புறம், விருதின் பெயரையும் அதன் தகுதி விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பெண்கள் நலனுக்கான விருதென்றால், அவருடைய நீர்நிலைப் பணி எவ்வளவு பெரியதானாலும் இரண்டாம் இடத்துக்குத்தான் போகும்.

பாயின்ட் பாயின்டா போடலாமா, பத்தியா எழுதணுமா?

படிவத்தின் குறிப்பு என்ன சொல்கிறதோ அதுதான். பத்ம விருதுகளுக்கான இணையப் பரிந்துரையில் 800 சொல்லுக்கு மிகாமல், தொடர்ச்சியான விவரிப்பாக எழுதச் சொல்கிறார்கள். அங்கே புள்ளிப் பட்டியல் பொருந்தாது. குறிப்பு எதுவும் இல்லையென்றால் சிறு சிறு பத்திகளாக எழுதுங்கள். புள்ளி போட்டு எழுதும்போது 'இதனால் அது நடந்தது' என்ற தொடர்பு அறுந்துபோகிறது. அந்தத் தொடர்புதான் இங்கே சாதனை.

அவர் எந்தக் கணக்கும் வெச்சுக்கலையே. எண்ணிக்கைக்கு எங்கே போறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலும் கொஞ்சம் நீளம். பெரும்பாலான சேவகர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைக் கணக்கென்று நினைப்பதில்லை, அவ்வளவுதான். பழைய டைரி, தொலைபேசி எண்கள் எழுதிய நோட்டு, வாட்ஸ்ஆப் குழுவில் இருப்பவர்களின் எண்ணிக்கை, தேதியோடு கூடிய கைப்பேசிப் படங்கள், நிகழ்ச்சி அழைப்பிதழ்கள், நன்கொடை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் எல்லாமே கணக்குதான். அவரோடு ஒரு மாலை உட்கார்ந்து இவற்றைப் புரட்டினால் ஏதாவது ஓர் எண் கட்டாயம் கிடைக்கும்.

அவரிடம் இல்லாதது மறுபக்கத்தில் இருக்கும். பிள்ளைகளைச் சேர்த்த பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு உண்டு. ரத்தம் கொடுத்த மருத்துவமனையில் கொடையாளர் பதிவு உண்டு. அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் 'இவர் மூலமாக வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கடிதம் தர முடியுமா?' என்று கேளுங்கள். எண்ணும் கிடைக்கும், அதற்கான ஆதாரமும் அதே கடிதத்தில் கிடைக்கும்.

மொத்தக் கணக்கு எப்படியும் கிடைக்காது என்றால், உறுதியாகத் தெரிந்த ஒரே ஓர் ஆண்டை மட்டும் சொல்லுங்கள். 'கடந்த ஆண்டில் மட்டும் 38 குடும்பங்கள்' என்பது நம்பத்தக்கது. அந்த 38-ஐ முப்பதால் பெருக்கி 'ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள்' என்று எழுதுவது பொய்க்கணக்கு. சரிபார்க்க ஒருவர் ஒரு தொலைபேசி அழைப்பு போட்டாலே அது உடைந்துவிடும். தோராயமாகத்தான் தெரியும் என்றால் 'குறைந்தது 200 பேர்' என்று கீழெல்லையை எழுதுங்கள். 'ஆயிரக்கணக்கான', 'எண்ணற்ற' என்ற சொற்களைப் பார்த்ததும் படிக்கிறவர் எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்றுதான்: இவருக்கு எண் தெரியாது.

200 முகாம் நடத்தியிருக்கார்னு எழுதியிருக்கேன். அது போதாதா?

அது அவர் உழைத்ததைச் சொல்கிறது, என்ன ஆனது என்பதைச் சொல்லவில்லை. 200 கண் பரிசோதனை முகாம் என்றால், எத்தனை பேருக்குக் குறை கண்டுபிடிக்கப்பட்டது? அவர்களில் எத்தனை பேர் அறுவை சிகிச்சைவரை போனார்கள்? முகாமுக்கு வந்தவர்களை அதற்கப்புறம் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது யார்? சாதனை பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஒளிந்திருக்கும். முகாம் நடத்துவோர் பலர். அதன் பிறகு ஆளுக்கு ஆள் பின்தொடர்ந்து போகிறவர் அரிது.

ஆகவே எண் ஒன்று எழுதினால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கட்டும். எத்தனை பேரில் எத்தனை பேர், அல்லது முன்பு எவ்வளவு இப்போது எவ்வளவு. தனியாக நிற்கும் எண்ணைப் படிப்பவருக்கு அது பெரிதா சிறிதா என்றே தெரியாது.

சொன்னதெல்லாம் சரி, ஒரு பத்தி எழுதிக் காட்டுங்களேன்.

கற்பனையான ஒருவரை எடுத்துக்கொள்வோம், எண்களும் கற்பனைதான். வேலைக்காக இடம்விட்டு இடம் வரும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் ஒரு பெண்மணி. அவருக்காக முதலில் எழுதப்படும் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

> சமூக சேவையே தன் மூச்சாகக் கொண்ட அம்மையார், சிறு வயது முதலே ஏழை எளிய மக்களுக்கு எண்ணற்ற உதவிகளைச் செய்து வருகிறார். தன்னலமற்ற சேவையால் பல குழந்தைகளின் வாழ்வில் ஒளியேற்றியுள்ளார். கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல் எனப் பல்வேறு துறைகளிலும் முத்திரை பதித்து அனைவரின் பாராட்டையும் பெற்றுள்ளார்.

33 சொல் போய்விட்டது. அவர் என்ன செய்கிறார் என்று இன்னும் தெரியவில்லை. மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் வைத்து எழுதினால் இப்படி வரும்:

> வேலை தேடி இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் வருவதால் பள்ளியில் சேர முடியாமல் வீட்டிலேயே இருந்தார்கள். 2016 முதல் அவர் ஒவ்வொரு மாதமும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நேரில் சென்று பெயர்ப்பட்டியல் எடுக்கிறார். பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரவழைக்கிறார். அது வரும்வரை மாலையில் தானே பாடம் நடத்துகிறார். அவரது பதிவேட்டின்படி இதுவரை 214 பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தார்கள். அவர்களில் 161 பேர் ஓராண்டுக்குப் பிறகும் தொடர்ந்து படித்தார்கள். இரு பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் இதை உறுதிசெய்து கடிதம் தந்துள்ளனர்.

இது 57 சொல். ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை. ஆனாலும் படித்து முடிக்கும்போது அவர் மேல் மரியாதை வருகிறது. 'மாற்றுச் சான்றிதழ் வரவழைக்கிறார்' என்பது சின்ன விவரம்தான். பிள்ளைகள் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும் என்பதை அதுதான் காட்டுகிறது. 214-க்குப் பக்கத்தில் 161 நிற்பதையும் கவனியுங்கள். 53 பேர் தொடரவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. அதை மறைக்காததால்தான் மற்ற எண்ணையும் நம்பத் தோன்றுகிறது.

முக்கியப் பணிக்கு 150 சொல் என்றேன். இங்கே பிரச்சினைக்கு 13 போக மீதம் 44தான் பணிக்குச் செலவாகியிருக்கிறது. இன்னும் நூறு சொல்லுக்கு மேல் இருக்கிறது. அதில் எதைச் சேர்க்கலாம்? சான்றிதழ் வராத பிள்ளைக்கு என்ன செய்தார், பள்ளி மறுத்தபோது யாரிடம் போனார், இந்த முறையை வேறு யாராவது எடுத்துக்கொண்டார்களா என்பவை. புதிய பணி ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள்.

அப்போ உணர்ச்சியே இல்லாம, ரிப்போர்ட் மாதிரி இருக்கணுமா?

உணர்ச்சி இருக்கலாம், அது நடந்ததிலிருந்து வரட்டும். இடம் இருந்தால் ஒரே ஒரு சம்பவத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். முதன்முதலில் சேர்த்த சிறுமி இன்று அதே மாலை வகுப்பில் பாடம் நடத்துகிறாள் என்பது உண்மையென்றால், அதற்குமேல் உரிச்சொல் எதற்கு? 'தாயுள்ளம் கொண்டவர்' என்பதை நீங்கள் எழுத வேண்டாம்; படிக்கிறவர் தானாகச் சொல்லட்டும். 'சேவைச் செம்மல்', 'கருணைக் கடல்' போன்ற மேடைப் பட்டங்களை மேடைக்கே விட்டுவிடலாம்.

பிள்ளைகளோட, உதவி வாங்கினவங்களோட பெயரைப் போடலாமா?

போடாதீர்கள். சமர்ப்பித்த பிறகு அந்த உரை யார் யார் கைக்குப் போகும் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. விருது கிடைத்தால் அதில் சில வரிகள் அப்படியே செய்தியாகவும் வெளிவரலாம். குடிநோயிலிருந்து மீண்டவர், வன்முறைக்கு ஆளான பெண், தொற்றுநோய் சிகிச்சை பெற்றவர், சிறுவர் சிறுமியர் ஆகியோரை அடையாளம் காட்டிவிடும் எதுவும் வேண்டாம்.

பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. சிறிய இடத்தில் 'இரட்டைப் பெண் குழந்தைகளுடன் தனியாக வாழ்ந்த தையல்காரப் பெண்' என்றால் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். 'கணவரை இழந்த ஒரு பெண்' என்ற அளவில் நிறுத்துங்கள். பெயரோடு சொல்ல வேண்டியது உறுதிசெய்பவர்களைத்தான்: தலைமை ஆசிரியர், மருத்துவர் போன்றவர்களை. அவர்களிடமும் முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இது அவர் தனியா செஞ்சது இல்லை, ஒரு குழுவே இருக்கு. யார் சாதனைன்னு எழுதுறது?

குழுவை மறைக்காதீர்கள், குழுவுக்குள் இவர் பங்கு என்ன என்று பிரித்துச் சொல்லுங்கள். 'பதினைந்து தன்னார்வலர்கள் கொண்ட குழுவைத் தொடங்கி, வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பயிற்சியை அவரே அளித்தார்' என்றால் இருவருக்கும் நியாயம் கிடைத்துவிடும். 'நாங்கள்', 'எங்கள் அமைப்பு' என்று எழுதத் தொடங்கினால் சிக்கல்தான், ஏனென்றால் விருது தனிநபருக்கு. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினைச்சொல்லையும் பார்த்து 'இதைச் செய்தது யார்?' என்று கேளுங்கள். 'கட்டடம் கட்டப்பட்டது', 'நிதி திரட்டப்பட்டது' என்று ஆள் தெரியாமல் நிற்கும் இடங்களில் ஆளைக் கொண்டுவாருங்கள்.

உண்மையிலேயே அந்த வேலையில் முதன்மையானவர் வேறு ஒருவர் என்றால், இவருக்கு வேறு முக்கியப் பணியைத் தேடுங்கள். அந்தக் குழுவில் இருப்பவர்களிடம் விசாரித்தால் உடனே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வாங்கின விருதுங்க, பேப்பர்ல வந்த செய்தியெல்லாம் சேர்க்கணும்ல?

அதற்குத் தனிக் கட்டம் இருந்தால் அங்கே போடுங்கள். இல்லையென்றால் ஒரே வாக்கியம், அதிலும் ஒன்றிரண்டு மட்டும். ஒரு விருது என்பது வேறு யாரோ முன்பு எடுத்த முடிவு. புதிய குழு தன் முடிவைத் தானே எடுக்க விரும்பும். சால்வை போர்த்தியவர்களின் பட்டியல் இங்கே எதையும் நிரூபிக்காது.

வேர்டுல 298 காட்டுது, படிவத்துல ஒட்டினா 'அளவு மீறியது'ன்னு வருதே?

இரண்டும் வெவ்வேறு விதமாக எண்ணுகின்றன. வேர்டு இடைவெளியை வைத்து எண்ணுகிறது. சில படிவங்களுக்குப் பின்னால் இருக்கும் கணினி நிரல், சிறுகோடு, சாய்கோடு போன்ற குறிகளிலும் சொல்லை வெட்டிவிடும். '2016-2024' அங்கே இரண்டு சொல். இன்னும் சில, தமிழை நினைத்தே பார்க்காமல் எழுதப்பட்டவை. எழுத்துகளை மட்டும் தேடி, உயிர்மெய்க் குறிகளை எழுத்தாக எடுத்துக்கொள்ளாத நிரலில் 'தமிழ்' என்ற ஒரே சொல் 'தம', 'ழ' என்று இரண்டாக உடைந்து எண்ணப்படும். இப்படிப்பட்ட படிவத்தில் உங்கள் 298 எங்கேயோ போய் நிற்கும்.

சோதிப்பது எளிது. முழு உரையை ஒட்டுவதற்கு முன், பத்துச் சொல் கொண்ட ஒரு வாக்கியத்தை மட்டும் ஒட்டி, படிவத்தின் சொல் கணக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். பத்து என்று காட்டினால் பிரச்சினையில்லை. பதினெட்டு காட்டினால் அந்த விகிதத்தில் உங்கள் உரையைச் சுருக்கத்தான் வேண்டும், அல்லது அனுமதி இருந்தால் ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். உதவி மின்னஞ்சல் முகவரி இருந்தால் இந்தக் கோளாறைத் தெரிவித்தும் பார்க்கலாம். கடைசித் தேதிக்கு நிறைய நாள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

சொல் கணக்கு இல்லை, '2000 எழுத்து'ன்னு போட்டிருக்கு. அது எவ்வளவு வரும்?

நாம் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. இடைவெளியும் நிறுத்தக்குறியும் இதோடு சேரும். வரி மாற்றும் ஒவ்வொரு இடமும் திரையில் ஒன்றாகவும், சேவையகத்துக்குப் போகும்போது இரண்டாகவும் கணக்காகலாம். அதனால் திரையில் சரியாக 2000 காட்டி, சமர்ப்பித்ததும் பிழை வருவது உண்டு.

தமிழ்ச் சொல்லுக்கு இடைவெளியோடு சேர்த்து ஒன்பது, பத்து என்று வைத்துக்கொண்டால், 2000 எழுத்து என்பது ஏறக்குறைய 200 சொல்தான். ஐம்பது எழுத்தாவது மிச்சம் வைத்து நிறுத்துங்கள்.

எழுதினா 420 சொல் வந்துடுச்சு. எதை வெட்டுறதுன்னே தெரியலை.

முதலில் சொல்லைத் தொடாமல் பொருளை வெட்டுங்கள். மூன்றாவது, நான்காவது பணிகளை முழுதாக எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினால் எல்லாமே மெலிந்துபோகும். அடுத்ததாக முதல் பத்தியைப் படியுங்கள். பெரும்பாலானோர் வேகம் பிடிப்பதற்காக எழுதும் இரண்டு மூன்று வாக்கியங்கள் அங்கே இருக்கும். 'மனித குலத்துக்குச் செய்யும் சேவையே...' என்று தொடங்குபவை. அவை போனால் யாரும் தேட மாட்டார்கள்.

பிறகு சொல் கணக்குக்கு வாருங்கள். '2016ஆம் ஆண்டு முதல் இன்று வரை' ஐந்து சொல். '2016 முதல்' இரண்டு. 'நடத்திக் கொண்டு வருகிறார்' மூன்று; 'நடத்துகிறார்' ஒன்று. 'ஆய்வு மேற்கொண்டார்' என்பதை 'ஆராய்ந்தார்' என்றாலே போதும். 'என்பது குறிப்பிடத்தக்கது' என்று முடியும் வாக்கியங்களில் அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வையுங்கள், வாக்கியம் ஒன்றும் குறைந்துபோகாது. 'மேலும்', 'அதுமட்டுமின்றி' இரண்டும் பத்திக்கு ஒருமுறை வந்தாலே அதிகம்.

துணைவினைகளைச் சேர்த்து எழுதுவது முறைதான்: 'செய்து கொண்டிருக்கிறார்' என்பதைச் 'செய்துகொண்டிருக்கிறார்' என்று எழுதலாம். ஆனால் சொல் கணக்கை ஏமாற்ற எல்லாவற்றையும் ஒட்டி 'ஏழைமாணவர்கல்விஉதவித்திட்டம்' என்று எழுதினால், படிக்கிறவர் முகம் சுளிப்பார். படிக்கப்போவது மனிதர் என்பது நினைவிருக்கட்டும்.

ஆங்கிலத்துலதான் அனுப்பணுமாம். தமிழ்ல எழுதிட்டு மொழிபெயர்த்தா கூடிடுதே?

கூடத்தான் செய்யும். நம் வேற்றுமை உருபுகளும் வினை விகுதிகளும் அங்கே தனித்தனிச் சொற்களாகிவிடுகின்றன. 300 சொல் வரம்பென்றால் தமிழ் வரைவை 190, 200 சொல்லில் நிறுத்திக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பவரிடம் எண்களையும் தேதிகளையும் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். 'லட்சம்' எழுத்தில் வரும் இடங்களில்தான் சுழியம் கூடுவதும் குறைவதும் நடக்கும்.

அவர் மேல ஒரு புகார் வந்து, விசாரிச்சு முடிஞ்சுபோச்சு. அதைச் சொல்லணுமா?

படிவம் நேரடியாகக் கேட்டிருந்தால், கேட்ட இடத்தில் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பல படிவங்களில் 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்ற உறுதிமொழிக்குப் பக்கத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும், அவருடையது அல்ல. கேட்கவில்லையென்றால் சாதனைப் பகுதியில் அதற்கு இடம் தேவையில்லை. ஆனால் புகார் எந்தப் பணியைப் பற்றியதோ அதையே முக்கியப் பணியாக வைத்திருந்தால் இரண்டுமுறை யோசியுங்கள். விசாரணை முடிவின் நகல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு பணியை முன்னால் கொண்டுவருவது நல்லது.

நின்றுபோன வேலைகளுக்கும் இது பொருந்தும். தையல் வகுப்பு ஒன்று 2020-இல் நின்றுவிட்டது என்றால் 'நடத்துகிறார்' என்று எழுதாதீர்கள். '2012 முதல் 2020 வரை நடத்தினார்' என்பதும் சாதனைதான். காலம் தவறிய ஒரு வினைச்சொல்லால் மொத்த உரைமேலும் சந்தேகம் விழும்.

அவருக்குத் தெரியாம சர்ப்ரைஸா அனுப்பலாம்னு இருக்கேன். பரவாயில்லையா?

சில விருதுகளில் பரிந்துரைக்கப்படுபவரின் சம்மதக் கையொப்பமே தேவை. அங்கே பேச்சுக்கே இடமில்லை. சில விருதுகளில் மாறாக, அவருக்குத் தெரியக் கூடாது என்றே சொல்லியிருப்பார்கள். விதி எதுவும் இல்லாத இடத்தில், சொல்லிவிடுங்கள் என்பேன். கணக்கு வாங்குவதற்கு எப்படியும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கும். அதைவிட, அவர் வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருக்கலாம். தன் பெயர் வெளியே வந்தால் உதவி தேடி வருகிறவர்கள் தயங்குவார்கள் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தெரியாமல்தான் எழுத வேண்டும் என்ற நிலையில், அவரோடு வேலை செய்யும் இருவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒரே எண்ணைச் சொன்னால் அதை எழுதலாம். வேறுபட்டால் குறைந்ததை எழுதுங்கள்.

போன வருஷம் எழுதினதையே இந்த வருஷம் வேற விருதுக்குப் போட்டா என்ன?

எண்களையும் கடிதங்களையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். உரையை அப்படியே ஒட்டாதீர்கள். ஒரு விருது புதுமையைத் தேடும், இன்னொன்று நீண்டகால உழைப்பைத் தேடும். மாலை வகுப்பு உதாரணத்தையே எடுத்தால், முதலாவதுக்குச் சான்றிதழ் வரவழைக்கும் முறை முன்னால் வரும். இரண்டாவதுக்கு 2016 முதல் விடாமல் மாதாமாதம் போனது முன்னால் வரும். 300-ஐ 800 ஆக்க வேண்டுமென்றால் அந்தக் கூடுதல் இடத்தை மறுபடியும் முக்கியப் பணிக்கே பெரும்பகுதி கொடுங்கள். 800-இலிருந்து 300-க்கு வருவதென்றால் வெட்ட உட்காராமல், வெற்றுத்தாளில் புதிதாக எழுதிவிடுங்கள். அதுதான் சீக்கிரம் முடியும்.

சமர்ப்பிக்கும்போது கடைசி நிமிஷத்துல என்ன பார்க்கணும்?

உரையைப் படிவத்திலேயே உட்கார்ந்து எழுதாதீர்கள். நேரம் கடந்தால் பல தளங்கள் வெளியேற்றிவிடும், எழுதியதும் போய்விடும். வெளியே எழுதி, வெறும் உரையாக ஒட்டுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் படிவத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் விழும். முன்பே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தடித்த எழுத்து, அடிக்கோடு எல்லாம் பெரும்பாலும் உதிர்ந்துபோகும், அவற்றை நம்பி எதையும் எழுத வேண்டாம்.

ஒட்டியதும் கடைசி வாக்கியம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகள் அளவு மீறியதைச் சொல்லாமலே வாலை வெட்டிவிடும். உறுதிசெய்பவர்களைப் பற்றிய வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வரைவைச் சேமிக்கும் வசதி இருந்தால் சேமித்து, வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்த் திறந்து பாருங்கள். சமர்ப்பித்த பிறகு பெரும்பாலான தளங்களில் திருத்த முடியாது. பதிவு எண்ணையும் முழுப் படிவத்தின் பிடிஎஃப்பையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். குழுவிலிருந்து யாராவது அழைத்துச் சரிபார்த்தால், நீங்கள் எழுதிய அதே எண்ணைத்தான் நீங்களும் அந்தத் தலைமை ஆசிரியரும் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே அவருக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.